‘என் தலை, என் இஷ்டம்’ என்று சொல்ல முடியுமா? ஹெல்மெட் சட்டமும் ஜான் ஸ்டூவர்ட் மில்லும்

சிக்னலில் டிராஃபிக் போலீஸ் கை காட்டி நிறுத்தும்போது பலர் மனதுக்குள் ஒரு வசனம் ஓடும். “குடிச்சிட்டா ஓட்டுறேன்? ராங் சைடுலயா வந்தேன்? விழுந்தா என் தலைதான் உடையும். இவங்களுக்கு என்ன?”

கடுப்பில் வரும் கேள்விதான் இது. ஆனால் அரசியல் தத்துவத்தில் 150 ஆண்டுகளுக்கும் மேலாக ஓயாத ஒரு விவாதத்தின் மையமும் இதுதான். ஒருவர் செய்யும் செயலால் அவருக்கு மட்டும்தான் ஆபத்து என்றால், அதைத் தடுக்கவோ தண்டிக்கவோ அரசுக்கு உரிமை உண்டா?

இந்தியச் சட்டத்தின் பதிலில் குழப்பம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 129-ன்படி பொது இடத்தில் இருசக்கர வாகனம் ஓட்டுபவரும் பின்னால் உட்காருபவரும் ஹெல்மெட் அணிய வேண்டும். மீறினால், 2019-ல் சேர்க்கப்பட்ட பிரிவு 194டி-யின்படி 1,000 ரூபாய் அபராதம். மூன்று மாதம் லைசென்ஸும் முடக்கப்படலாம். சட்டம் என்ன சொல்கிறது என்பது தெளிவு. எந்த உரிமையில் அதைச் சொல்கிறது என்பதில்தான் சிக்கல்.

பாலத்தில் ஒருவர்

1859-ல் ஜான் ஸ்டூவர்ட் மில் ‘ஆன் லிபர்ட்டி’ என்ற சிறிய நூலை வெளியிட்டார். அதில் அவர் வைத்த விதியைத்தான் ‘தீங்குக் கோட்பாடு’ என்கிறார்கள். ஒரு மனிதரின் விருப்பத்துக்கு எதிராக அவர்மீது அதிகாரத்தைப் பயன்படுத்த ஒரே ஒரு காரணம்தான் செல்லும்: பிறருக்கு வரும் தீங்கைத் தடுப்பது. அவருடைய சொந்த நன்மை என்பது போதுமான காரணம் அல்ல. அவரிடம் வாதாடலாம், கெஞ்சலாம், புத்தி சொல்லலாம். வற்புறுத்தக் கூடாது.

அந்த நூலில் மில் ஒரு உதாரணம் தருகிறார். இடிந்து விழப்போகும் பாலத்தில் ஒருவர் கால் வைக்கப் போகிறார். எச்சரிக்க நேரமில்லை. ஒரு அதிகாரி அவரைப் பிடித்து இழுத்தால் அது சுதந்திர மீறல் ஆகாது என்கிறார் மில். ஏனென்றால், சுதந்திரம் என்பது நாம் விரும்புவதைச் செய்வது. அந்த மனிதர் ஆற்றில் விழ விரும்பவில்லை. ஆனால் பாலம் கட்டாயம் விழும் என்று இல்லை, விழ வாய்ப்பு மட்டும்தான் இருக்கிறது, கடப்பவரும் தெளிவான மனநிலையில் உள்ள வயது வந்தவர் என்றால்? அப்போது எச்சரிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ரிஸ்க் எடுப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு.

ஹெல்மெட் இல்லாமல் பைக்கில் போவது இந்த இரண்டாவது வகை. விழுவது நிச்சயம் இல்லை; வாய்ப்புதான். அப்படியென்றால் மில்லின் கணக்குப்படி போலீஸ் புத்தி சொல்லலாம், ஃபைன் போடக் கூடாது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கோட்பாடு குழந்தைகளுக்குப் பொருந்தாது என்றார் மில், அது நியாயம்தான். இன்னும் ‘பக்குவம் அடையாத’ சமூகங்களுக்கும் பொருந்தாது என்றார். அத்தகைய மக்களுக்கு ஒரு அக்பரோ சார்லமேனோ ஆட்சியாளராகக் கிடைத்தால் அதுவே அதிர்ஷ்டம் என்பது அவர் கருத்து. மில் 1823 முதல் 1858 வரை லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். யாரை மனதில் வைத்து எழுதினார் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. விதிவிலக்கில் தள்ளப்பட்ட நாட்டில் இருந்துகொண்டு அந்த விதியை நாம் இப்போது உரசிப் பார்க்கிறோம்.

மிச்சிகனில் ஜெயித்தது, மாசசூசெட்ஸில் தோற்றது

இந்தக் கேள்வி அமெரிக்காவில் கோர்ட்டுக்குப் போனது. 1966-ல் அமெரிக்க மத்திய அரசு, ஹெல்மெட் சட்டம் கொண்டுவராத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதி குறையும் என்ற நிலையை உருவாக்கியது. மாநிலங்கள் வரிசையாகச் சட்டம் போட்டன. பைக் ஓட்டுபவர்கள் வழக்குப் போட்டார்கள்.

மிச்சிகன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1968-ல் அந்த மாநிலத்தின் ஹெல்மெட் சட்டத்தை ரத்து செய்தது. அரசுத் தரப்பு இரண்டு வாதங்களை வைத்திருந்தது. ஒன்று, சாலையில் தெறிக்கும் கல் ஓட்டுநரின் தலையில் பட்டால் அவர் நிலைதடுமாறி எதிரே வருபவர்மீது மோதலாம். இதை நீதிமன்றம் இழுத்துப் பிடித்த வாதமாகவே பார்த்தது. கல்லுக்குப் பயம் என்றால் முகத்துக்குக் கண்ணாடி போடச் சொல்லலாமே, மண்டைக்கு எதற்கு ஓடு? இரண்டாவது, குடிமக்கள் ஆரோக்கியமாக இருப்பது அரசுக்குத் தேவை, அவர்கள் அரசுக்குச் சுமையாகிவிடக் கூடாது. இதை ஏற்றால் அரசின் கை எங்கே நிற்கும் என்று கேட்டது நீதிமன்றம். எத்தனை மணிக்குத் தூங்க வேண்டும் என்றுகூட அதே காரணத்தைச் சொல்லிச் சட்டம் போடலாமே!

நான்கு ஆண்டுகள் கழித்து, 1972-ல், மாசசூசெட்ஸில் ஒரு ஃபெடரல் நீதிமன்றம் நேரெதிர் முடிவுக்கு வந்தது. ‘சைமன் எதிர் சார்ஜென்ட்’ என்ற வழக்கு. எனக்கு மட்டுமே ஆபத்து தரும் ரிஸ்க்கை எடுக்கும் உரிமை எனக்கு உண்டு என்றார் மனுதாரர். நீதிமன்றம் அந்த ‘மட்டுமே’ என்ற சொல்லில் கை வைத்தது. நீ விழுந்த நொடியிலிருந்து சமூகம்தான் உன்னைச் சாலையிலிருந்து தூக்குகிறது. பொது மருத்துவமனையில் சேர்க்கிறது. வேலை போனால் உதவித்தொகை தருகிறது. நிரந்தரமாக முடங்கிவிட்டால் உன்னையும் உன் குடும்பத்தையும் பராமரிக்க வேண்டி வரலாம். இதில் எது உனக்கு மட்டுமே உரியது? இந்தத் தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் தனியாக விளக்கம் எதுவும் எழுதாமல் உறுதி செய்தது. மிச்சிகனும் 1969-லேயே மீண்டும் ஹெல்மெட் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது.

தமிழ்நாட்டில் இந்த வாதத்துக்கு இன்னும் வலு அதிகம். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் கட்டுகிறது. தொடக்கத்தில் அதன் உச்சவரம்பு 1 லட்சம் ரூபாய். 108 ஆம்புலன்ஸ், அரசு மருத்துவமனையின் ஐசியு படுக்கை, நியூரோ சர்ஜன் எல்லாமே பொதுப் பணம். அந்தப் படுக்கை உங்களுக்குப் போனால் வேறொருவர் காத்திருக்க வேண்டும். ‘என் தலைதானே’ என்ற வசனம் இங்கே கொஞ்சம் தடுமாறத்தான் செய்கிறது.

செலவுக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும்?

ஆனால் இந்த வாதத்தை முழுசாக நம்பிவிடுவதும் ஆபத்து. செலவுதான் காரணம் என்றால், கணக்கு எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் சட்டமும் திரும்ப வேண்டும்.

2001-ல் செக் குடியரசில் இது நடந்தது. ஃபிலிப் மோரிஸ் சிகரெட் கம்பெனி ஒரு ஆலோசனை நிறுவனத்தை வைத்துக் கணக்குப் போட்டது. புகைபிடிப்பவர்கள் சீக்கிரம் இறப்பதால் அரசுக்கு பென்ஷன், முதியோர் பராமரிப்பு, மருத்துவச் செலவெல்லாம் மிச்சம். சிகரெட் வரியையும் சேர்த்தால் அரசுக்கு லாபமே என்று அறிக்கை வந்தது. உலகமே கொதித்தது. கம்பெனி மன்னிப்புக் கேட்டது. ஆனால் ஏன் கொதித்தோம் என்று யோசித்தால், ஒருவரின் உயிரைக் காக்க நாம் விரும்புவதற்குச் செலவு உண்மையான காரணம் இல்லை என்பது தெரிந்துவிடும். ஹெல்மெட் விஷயத்திலும் அப்படித்தான். விபத்து நடந்த இடத்திலேயே ஒருவர் இறந்துவிட்டால் மருத்துவமனைக்குச் செலவு குறைவு. அதற்காக யாராவது நிம்மதி அடைவார்களா?

செலவுதான் பிரச்சினை என்றால் தீர்வும் எளிது: செலவை அவரே கட்டட்டும். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் 2000-ல் இதைத்தான் செய்து பார்த்தது. 21 வயதைத் தாண்டியவர், குறைந்தது 10,000 டாலருக்கு மருத்துவக் காப்பீடு வைத்திருந்தால் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டலாம். காகிதத்தில் பார்த்தால் மில்லே கையெழுத்துப் போடும் சட்டம்.

சாலையில் அது வேறு மாதிரி வேலை செய்தது. விபத்தில் அடிபட்டு அட்மிட் ஆனவர்களில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களுக்கே அந்த 10,000 டாலர் போதுமானதாக இருந்தது. மீதிச் செலவு மற்றவர்கள் தலையில். அதைவிடக் கவனிக்க வேண்டியது, இந்தச் சலுகை கிடையாது என்று சட்டம் தெளிவாகச் சொன்ன 21 வயதுக்குட்பட்டவர்களின் கதை. சட்டம் மாறிய பிந்தைய மூன்று ஆண்டுகளில் ஹெல்மெட் இல்லாமல் இறந்த அந்த வயதினரின் எண்ணிக்கை ஏறத்தாழ மூன்று மடங்கானது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். 60 கிலோமீட்டர் வேகத்தில் கடந்து போகும் ஒருவருக்கு 20 வயதா, 22 வயதா, பையில் இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று ஓரமாக நிற்கும் போலீஸ்காரருக்கு எப்படித் தெரியும்? எல்லோருக்கும் ஒரே விதி என்றால் பார்த்தவுடன் பிடிக்கலாம். ஆளுக்கொரு விதி என்றால் யாரையும் பிடிக்க முடியாது. தத்துவத்தில் சுலபமாகப் போடும் கோட்டைத் தெருவில் போடுவது கஷ்டம்.

டர்பன் சொல்லும் உண்மை

பிரிவு 129-ல் ஒரு விதிவிலக்கு உண்டு: டர்பன் அணிந்த சீக்கியர் ஹெல்மெட் போட வேண்டியதில்லை. பிரிட்டனும் 1973-ல் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கிவிட்டு, 1976-ல் தனிச் சட்டம் போட்டுச் சீக்கியர்களுக்கு விலக்கு தந்தது.

இந்த விலக்கு நியாயமா என்று பலர் கேட்பதுண்டு. அதைவிட, இந்த விலக்கு எதைக் காட்டிக்கொடுக்கிறது என்று பார்ப்பது பயனுள்ளது. குடித்துவிட்டு வண்டி ஓட்ட யாருக்காவது மத விலக்கு தருவார்களா? நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஏனென்றால் அங்கே சாகப்போவது எதிரே வருபவர். ஹெல்மெட்டில் விலக்கு தர முடிகிறது என்றால், அதனால் பிறருக்கு வரும் தீங்கு அவ்வளவு பெரியதில்லை என்று சட்டத்தை எழுதியவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். ஆஸ்பத்திரிச் செலவு, ஐசியு படுக்கை என்பதெல்லாம் துணைக் காரணங்கள். உண்மைக் காரணம் பழையதுதான்: “உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.” அப்பா ஸ்தானத்தில் அரசு. இதைத்தான் ‘பேட்டர்னலிசம்’ என்கிறார்கள்.

அப்படி இருந்தால் அது தவறா? தத்துவவாதி ஜெரால்டு டுவார்க்கின் 1972-ல் எழுதிய ‘பேட்டர்னலிசம்’ என்ற கட்டுரையில், இத்தகைய சட்டங்களின் பட்டியலை ஹெல்மெட்டில்தான் தொடங்கினார். எல்லா அப்பாத்தனத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பது அந்தக் கட்டுரையிலிருந்து கிடைக்கும் பாடம். நாம் பலவீனமான நேரங்களில் எடுக்கும் முடிவுகளுக்கு எதிராக, தெளிவாக இருக்கும்போது நாமே ஒப்புக்கொள்ளக்கூடிய காப்பீடு போன்ற சட்டங்கள் உண்டு.

இந்த இடத்தில் நம்மூர் ஆளைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஹெல்மெட் போடாதவரிடம் காரணம் கேட்டால் என்ன வரும்? “பக்கத்துக் கடைக்குத்தான் போறேன்.” “வேர்க்குதுங்க, முடி கொட்டுது.” “எடுக்க மறந்துட்டேன்.” தலையில் காற்று படுவதுதான் என் வாழ்க்கையின் அர்த்தம், அதற்காகச் சாகவும் தயார் என்று யாரும் சொல்வதில்லை. விபத்துக்குப் பிறகு அவரிடமே கேட்டால், போட்டிருக்கலாம் என்றுதான் சொல்வார். இது ஆழ்ந்த முடிவு இல்லை, சோம்பல். சீக்கியரின் டர்பன் அப்படி இல்லை. அது அவர் யார் என்பதோடு சேர்ந்தது. அதனால்தான் ஒருவருக்கு அபராதமும் இன்னொருவருக்கு விலக்கும் ஒரே சட்டத்தில் இருப்பதில் முரண் இல்லை. அரசு தலையிடுவது எவ்வளவு ஆழமான விஷயத்தில், எவ்வளவு சிறிய தொந்தரவில், எவ்வளவு பெரிய ஆபத்தைத் தடுக்க என்ற மூன்றும் சேர்ந்துதான் எடை போடப்படுகிறது.

ஆபத்தின் அளவு தெரிந்ததுதான். பல ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வின்படி ஹெல்மெட் மரண அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கில் 2022-ல் மட்டும் ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர்.

இதே எடைக்கல்லை வேறு இடத்தில் வைத்தால் முடிவு மாறும். 2018 மார்ச்சில் ‘காமன் காஸ்’ வழக்கில் உச்ச நீதிமன்றம், தெளிவான மனநிலையில் உள்ள வயது வந்தவர் உயிர்காக்கும் சிகிச்சையைக்கூட மறுக்கலாம் என்று சொன்னது. யோசித்துப் பாருங்கள். விபத்துக்கு ஒரு நிமிடம் முன்புவரை ஹெல்மெட் போடு என்று உங்களைக் கட்டாயப்படுத்தலாம். விபத்துக்குப் பிறகு, சுயநினைவோடு இருந்தால், ஆபரேஷன் வேண்டாம் என்று நீங்கள் சொல்வதை மீறி உங்கள் தலையில் கத்தி வைக்க முடியாது. ஒன்று பொதுச் சாலையில் லைசென்ஸோடு செய்யும் ஒரு காரியத்துக்கான நிபந்தனை. மற்றது உடலுக்குள்ளேயே கை வைப்பது. பிரிவு 129-ம் ‘பொது இடம்’ என்றுதான் சொல்கிறது. உங்கள் சொந்தத் தோப்புக்குள் வெறுந்தலையோடு ஓட்டினால் அபராதம் இல்லை.

எவ்வளவு தூரம் துரத்தலாம்?

சட்டம் போட உரிமை உண்டு என்பதோடு விஷயம் முடிவதில்லை. அதை எப்படி அமல்படுத்துவது என்பதிலும் ஒரு எல்லை இருக்கிறது. 2018 மார்ச்சில் திருச்சி அருகே திருவெறும்பூரில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன ஒரு பைக்கை இன்ஸ்பெக்டர் ஒருவர் துரத்திச் சென்று உதைத்ததாகக் குற்றம்சாட்டப்பட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த பெண் கீழே விழுந்து இறந்தார். ஆயிரக்கணக்கான மக்கள் சாலையை மறித்தார்கள். இன்ஸ்பெக்டர் கைது செய்யப்பட்டார்.

குடித்துவிட்டு தாறுமாறாக ஓட்டும் ஒருவரைத் துரத்துவதற்கு ஒரு நியாயம் உண்டு. விட்டால் வேறு யாராவது சாவார்கள். ஹெல்மெட் போடாதவரைத் துரத்துவதில் அந்த நியாயம் கிடையாது. யாருடைய தலையைக் காப்பாற்றச் சட்டம் இருக்கிறதோ, துரத்தல் அதே தலைக்குத்தான் ஆபத்தை உண்டாக்குகிறது. நம்பர் பிளேட்டை போட்டோ எடுத்து இ-சலான் அனுப்பினால் போதும். ஒருவரின் சொந்த நன்மைக்காகப் போடப்பட்ட சட்டத்தை, அவருக்கே தீங்கு வரும் வழியில் அமல்படுத்த முடியாது. மில்லை ஏற்காதவர்கள்கூட ஏற்க வேண்டிய எல்லை இது.

இன்னொரு தோல்வி சத்தமில்லாமல் நடப்பது. மனசு ஒப்பாமல் அபராதத்துக்குப் பயந்து மட்டும் போடுபவர், போலீஸுக்குக் காட்டத்தான் போடுவார். ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை இந்தியாவில் விற்பதே 2021 ஜூன் முதல் தடை. ஆனாலும் சாலையோரத்தில் கிடைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தொப்பி போதும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்ட்ராப்பை மாட்டுவதில்லை. சட்டம் ஸ்ட்ராப்பை இறுக்கிக் கட்டச் சொல்கிறது. மாட்டாத ஹெல்மெட் முதல் மோதலிலேயே கழன்று பறக்கும். சோதனையில் நிற்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். வற்புறுத்தினால் கிடைப்பது வெளித்தோற்றம் மட்டுமே என்ற மில்லின் பக்கத்து வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ஒரு பைக், மூன்று தலைகள்

கடைசியாக, எந்த ஊரிலும் காலையில் பார்க்கக்கூடிய ஒரு காட்சி. கணவர் ஓட்டுகிறார், பின்னால் மனைவி, நடுவில் ஐந்து வயதுக் குழந்தை. கணவர் தலையில் மட்டும் ஹெல்மெட்.

கணவர் வெறுந்தலையோடு போயிருந்தால் மில் அவருக்காக வாதாடியிருப்பார். ஆனால் குடும்பத்தைக் காப்பாற்றும் கடமையில் தவறியவரைத் தண்டிக்கலாம் என்றும் மில் எழுதியிருக்கிறார். ஊதாரித்தனத்துக்காக அல்ல, கடமை தவறியதற்காக என்று பிரித்தும் சொன்னார். கடனை அடைக்காதவருக்கு இது பொருந்தும். இறந்துபோன ஓட்டுநரிடம் கடமை தவறியதற்கு யார் கணக்குக் கேட்பது? தண்டனை தவறுக்குப் பிறகு வர வேண்டும் என்ற மில்லின் ஏற்பாடு, தவறும் மரணமும் ஒரே நொடியில் வரும் இடத்தில் வேலை செய்வதில்லை.

மனைவிக்கு ஏன் ஹெல்மெட் இல்லை என்பது அவர் எடுத்த முடிவா, வீட்டில் இருப்பதே ஒன்றுதான் என்பதாலா? இரண்டாவது என்றால், ‘அவங்க இஷ்டம்’ என்று சொல்லும் வாதம் தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

குழந்தை விஷயத்தில் விவாதமே கிடையாது. எந்த ரிஸ்க்கையும் அது தேர்ந்தெடுக்கவில்லை. மில்லின் கோட்பாடும் அதைத் தொடவில்லை. பிரிவு 129 நான்கு வயதைத் தாண்டிய எல்லோருக்கும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குகிறது. 2022 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட மத்திய அரசு விதி, ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகளுக்கும் ஹெல்மெட், ஓட்டுநரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டை, மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மிகாத வேகம் என்று சொல்கிறது. பாதுகாப்பு வாதம் மிக வலுவாக இருக்கும் இந்தத் தலைதான், நம் சாலைகளில் பெரும்பாலும் வெறுமையாகப் போகிறது.